லேபிள் போனில் இருக்கிறது, மெயிலில் ஏன் இல்லை?

ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளரை எடுத்துக்கொள்வோம். மாதக் கூட்ட அறிவிப்பு, கணக்கு வழக்கு, தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி என்று எதையாவது நாற்பது வீட்டாருக்கும் அவர் மெயிலில் அனுப்பியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாற்பது பெயரைத் தேடிச் சேர்ப்பது முடிகிற காரியமா? ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து, தன் ஆண்ட்ராய்டு போனின் தொடர்புகள் ஆப்பில் எல்லாரையும் தேர்ந்தெடுத்து 'சங்கம்' என்று ஒரு லேபிளுக்குள் போட்டுவிட்டார். லேபிளைத் தொட்டால் நாற்பது பெயரும் வரிசையாக வருகின்றன. பிறகு மெயில் ஆப்பைத் திறந்து To கட்டத்தில் 'சங்கம்' என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. 'சங்கரன்' வருகிறார், 'சங்கீதா' வருகிறார். சங்கம் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, போனை அணைத்துப் போடுவது, ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவது, லேபிளை அழித்துப் புதிதாகப் போடுவது. மூன்றாலும் பயன் இல்லை. ஏனென்றால் இங்கே எதுவும் பழுதாகவில்லை. தொடர்புகள் ஆப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, மெயில் ஆப்பும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வேலை எது என்று தெரிந்துகொண்டால், எங்கே போய்த் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பெயரை முகவரியாக விரிப்பது யார்?

மெயில் சர்வருக்குக் குழு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகவரி மட்டும்தான். நாற்பது பேருக்கு ஒரு மெயில் அனுப்பும்போது, மெயில் ஆப் உங்கள் சர்வரிடம் பெறுநர்களை ஒவ்வொருவராக ஒப்பிக்கிறது:

```
RCPT TO:<mala@example.com>
RCPT TO:<kumar@example.com>
RCPT TO:<selvi@example.com>
```

இப்படி நாற்பது வரி போகும். நடுவில் 'சங்கம்' என்று ஒரு வரி வந்தால் சர்வர் அதை ஏற்காது. 'பங்காளிகள் எல்லாருக்கும்' என்று மட்டும் உறையில் எழுதிக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். யார் யார் பங்காளிகள், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை அனுப்புகிறவர் வீட்டிலேயே எழுதி முடித்திருக்க வேண்டும்.

ஆக, குழுவின் பெயரைப் பிரித்து முகவரிகளாக விரிக்கும் வேலை, மெயில் உங்கள் கையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்தாக வேண்டும். பெயரும் முகவரியும் தொடர்புகள் பக்கம் இருக்கின்றன. தேவைப்படுவது மெயில் ஆப்புக்கு. எனவே மெயில் ஆப் தானாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. பெரும்பாலான மெயில் ஆப்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

மெயில் ஆப் கேட்கும் கேள்வி

ஆண்ட்ராய்டில் தொடர்புகள் எல்லாம் ஒரே பொதுக் கிடங்கில் இருக்கின்றன. 2009-இல் ஆண்ட்ராய்டு 2.0 வந்தபோது அமைந்த ஏற்பாடு இது. தொடர்புகள் ஆப், டயலர், மெயில் ஆப் எல்லாம் இந்தக் கிடங்கை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள் மட்டுமே. கிடங்குக்குள்ளே பெயர்கள், எண்கள், மெயில் முகவரிகள் ஒரு பக்கமும், குழுக்களின் பட்டியல் தனியாக இன்னொரு பக்கமும் இருக்கின்றன.

To கட்டத்தில் நீங்கள் 'சங்' என்று தட்டிய உடனே, மெயில் ஆப் கிடங்கிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த எழுத்துகளோடு பொருந்தும் பெயரோ முகவரியோ உள்ள மெயில் முகவரிகளைக் கொடு. இதற்கென்றே ஆண்ட்ராய்டு ஒரு ஆயத்த வழியைத் தந்திருக்கிறது. வேகமானது, ஆப் எழுதுகிறவருக்குச் சுலபமானது. ஆனால் அந்தக் கேள்வி தேடுவது மெயில் முகவரிகளை. குழு என்பது மெயில் முகவரி அல்ல. எனவே நீங்கள் எத்தனை தடவை தட்டினாலும் பதிலில் குழு வராது.

குழுவையும் காட்ட வேண்டுமென்றால், ஆப்பை எழுதியவர் தனியாக மூன்று வேலைகள் செய்திருக்க வேண்டும். குழுக்களின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேட வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் எந்த முகவரி என்று முடிவு செய்ய வேண்டும். கடைசி வேலைதான் தலைவலி. ஒருவருக்கு அலுவலக முகவரி, வீட்டு முகவரி என்று இரண்டு இருந்தால் எதற்கு அனுப்புவது? முகவரியே இல்லாதவரை என்ன செய்வது? இந்தச் சிக்கல்களில் இறங்காமல் பல ஆப்கள் குழுவையே விட்டுவிடுகின்றன.

ஜிமெயிலில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கணினியில் உலாவி வழியாக ஜிமெயிலைத் திறந்து To கட்டத்தில் லேபிளின் பெயரைத் தட்டினால் அது வரும். தேர்ந்தெடுத்தால் உறுப்பினர்களாக விரியும். அதே கணக்கு, அதே லேபிள், போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் வராது. ஒரே நிறுவனத்தின் பொருள்தான் இரண்டும். விரிக்கும் வேலை ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது, மற்றதில் எழுதப்படவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஜிமெயில் ஆப்பின் இடப்பக்கப் பட்டியலில் 'லேபிள்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அவை வந்த மெயில்களைப் பிரித்து அடுக்குவதற்கு. ஆட்களைச் சேர்த்து வைக்கும் தொடர்பு லேபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அங்கே 'சங்கம்' இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இருக்கவும் இருக்காது.

எங்கே அறுந்திருக்கிறது?

எல்லாச் சமயமும் காரணம் ஆப்பின் குறைதான் என்று சொல்லிவிட முடியாது. அனுமதி, ஒத்திசைவு, சேமித்த இடம் என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்று கண்டுபிடிக்கச் சில எளிய சோதனைகள் போதும்.

முதலில் தனி ஆள் பெயரைத் தட்டிப் பாருங்கள். அந்த லேபிளில் உள்ள ஒருவர், இதுவரை நீங்கள் மெயில் அனுப்பியே இராத ஒருவர், அவர் பெயரின் முதல் சில எழுத்துகள். அவர் பெயரும் வரவில்லை என்றால் சிக்கல் குழுவில் இல்லை. மெயில் ஆப்புக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதியே இல்லாமல் இருக்கலாம். போனின் அமைப்புகளுக்குள் ஆப்களின் பட்டியலில் அந்த மெயில் ஆப்பைத் திறந்து, அனுமதிகள் என்ற இடத்தில் தொடர்புகளுக்கு அனுமதி கொடுங்கள். தனி ஆள் வருகிறார், குழு மட்டும் வரவில்லை என்றால் அனுமதி சரியாகத்தான் இருக்கிறது. அதை நோண்ட வேண்டியதில்லை.

'இதுவரை மெயில் அனுப்பியிராத ஒருவர்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்கள் மெயில் அனுப்பியவர்களின் முகவரிகளை மெயில் ஆப்களும் மெயில் சேவைகளும் தாமாகவே நினைவில் வைத்துக்கொள்கின்றன. கூகுள் அவற்றை 'மற்ற தொடர்புகள்' என்று தனியே சேர்த்து வைக்கிறது. போனின் கிடங்கைப் பார்க்க அனுமதி இல்லாவிட்டாலும் அந்தப் பெயர்கள் வரலாம். ஜிமெயில் உங்கள் கணக்கில் உள்ள தொடர்புகளைச் சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், இந்த முதல் சோதனை ஜிமெயிலை விட மற்ற மெயில் ஆப்களில்தான் தெளிவான பதில் தரும்.

இரண்டாவது சோதனை இன்னும் முக்கியமானது. எந்த உலாவியிலாவது `contacts.google.com` என்ற முகவரியைத் திறந்து, போனில் உள்ள அதே கூகுள் கணக்கில் நுழையுங்கள். இடப்பக்கம் லேபிள்களின் பட்டியல் இருக்கும். 'சங்கம்' அங்கே இருக்கிறதா? இருந்தால் அதைத் திறந்து எத்தனை பேர் என்று எண்ணுங்கள். போனில் காட்டும் எண்ணிக்கையும் இதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். லேபிளே இல்லையென்றால், ஒன்று ஒத்திசைவு நின்றிருக்கிறது, அல்லது லேபிள் கூகுள் கணக்கில் இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் கூகுள் கணக்கைத் திறந்து, தொடர்புகளுக்கான ஒத்திசைவு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தும் லேபிள் வரவில்லை என்றால் இரண்டாவது காரணம்தான்.

நம் செயலாளர் இந்தச் சோதனையைச் செய்தபோது, போனில் நாற்பது பேர் இருந்த லேபிளில் உலாவி முப்பத்தொரு பேரைத்தான் காட்டியது.

ஒரே பெயர், இரண்டு லேபிள்

ஒன்பது பேர் எங்கே போனார்கள்? அவர்கள் எங்கும் போகவில்லை. முதலிலிருந்தே அவர்கள் கூகுள் கணக்கில் இல்லை.

போனில் ஒரு தொடர்பைச் சேமிக்கும்போது அது எந்தக் கணக்கின் கீழ் போகிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கூகுள் கணக்கு, போன் நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, போனின் உள்சேமிப்பு, சிம் அட்டை என்று பல இடங்கள் உண்டு. பார்க்கும்போது எல்லாம் ஒரே அகர வரிசையில்தான் வரும். ஆனால் கிடங்கில் ஒவ்வொரு தொடர்பின் மேலும் அதன் கணக்கின் முத்திரை இருக்கிறது. குழுவின் மேலும் அதே மாதிரி முத்திரை உண்டு. ஒரு கணக்கின் குழுவில் அதே கணக்கின் தொடர்புகள்தான் சேர முடியும். கூகுள் கணக்கின் 'சங்கம்' லேபிளுக்குள், போனின் உள்சேமிப்பில் இருக்கும் ஒருவரைப் போட முடியாது.

அப்படியானால் போன் எப்படி நாற்பது பேரைக் காட்டியது? சில தொடர்புகள் ஆப்கள் இந்த விதியைப் பயனரிடம் சொல்லாமல் சமாளிக்கின்றன. கூகுள் பக்கம் ஒரு 'சங்கம்', போன் பக்கம் ஒரு 'சங்கம்' என்று இரண்டு குழுக்களை உருவாக்கி, திரையில் ஒன்றாக்கிக் காட்டுகின்றன. பார்ப்பவருக்கு ஒரே லேபிள். உண்மையில் முப்பத்தொன்றும் ஒன்பதும். கூகுளுக்குப் போய்ச் சேருவது கூகுள் பக்கத்துப் பாதி மட்டும்தான்.

இதைச் சரிசெய்ய, அந்த ஒன்பது பேரையும் கூகுள் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். கூகுளின் தொடர்புகள் ஆப்பில் ஒருவரின் பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டால் வேறொரு கணக்குக்கு நகர்த்தும் தேர்வு இருக்கும். அதைத் தொட்டுக் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. நகர்கிறவர் தன் லேபிளைக் கூடவே கொண்டுவருவதில்லை, அது பழைய கணக்கின் சொத்து. நகர்த்திய பிறகு ஒன்பது பேரையும் கூகுள் பக்கத்து 'சங்கம்' லேபிளில் மறுபடி சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல், 'நகர்த்திவிட்டேன், இன்னும் வரவில்லையே' என்று தவிப்பவர்கள் நிறைய.

போனிலிருந்து தொடர்புகளை ஒரு `.vcf` கோப்பாக எடுத்து உலாவியில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பெயரும் எண்ணும் முகவரியும் அதில் ஒழுங்காகப் போய்விடும். ஆனால் ஆண்ட்ராய்டு வழக்கமாக எழுதும் அந்தக் கோப்பில் குழு விவரம் இருக்காது. லேபிளோடு நகல் எடுத்து வைக்க விரும்புகிறவர்கள், `contacts.google.com` தளத்திலேயே கூகுள் வடிவ `.csv` கோப்பாக எடுக்கலாம். அதில் ஒவ்வொருவரும் எந்தெந்த லேபிளில் இருக்கிறார் என்பதற்குத் தனிப் பத்தி உண்டு.

நாற்பது பேர், முப்பத்தேழு முகவரி

செயலாளர் ஒன்பது பேரை நகர்த்தும் முன்பே, உலாவியில் உள்ள ஜிமெயிலிலிருந்து ஒரு மெயிலை அனுப்பிப் பார்த்திருந்தார். முப்பத்தொரு பேர் இருக்கும் லேபிள் விரிந்தபோது இருபத்தேழு முகவரிகள்தான் வந்தன. மீதி நாலு பேர்?

லேபிளில் ஒருவர் இருப்பதற்கு மெயில் முகவரி தேவையில்லை. போன் எண் மட்டும் உள்ளவரும் லேபிளில் இருப்பார், எண்ணிக்கையிலும் சேர்வார். ஆனால் மெயிலுக்காக விரிக்கும்போது அவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, எனவே சத்தமில்லாமல் விடுபட்டுப்போவார். எந்த எச்சரிக்கையும் வராது. நாலு பேரில் மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள்தான். வாட்ஸாப்பில் பேசுகிறார்கள், மெயில் முகவரி இதுவரை யாரும் கேட்டு வாங்கவில்லை.

நாலாவது ஆளின் கதை வேறு. அவர் பெயரைப் போனில் திறந்தால் மெயில் முகவரி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. இருந்தும் லேபிள் விரியும்போது அவர் வரவில்லை. ஆண்ட்ராய்டு ஒரே ஆளைப் பற்றிப் பல கணக்குகளில் உள்ள அட்டைகளைத் தானாகவே ஒன்றாகக் கோத்துக் காட்டும் என்பதுதான் காரணம். பெயரோ எண்ணோ ஒத்துப்போனால் இரண்டு அட்டைகளையும் ஒரே பக்கமாக்கிவிடும். நம் நாலாவது ஆளுக்குக் கூகுள் கணக்கில் ஓர் அட்டை, அதில் போன் எண் மட்டும். செயலாளரின் அலுவலகக் கணக்கில் இன்னோர் அட்டை, அதில் மெயில் முகவரி. திரையில் ஒரே ஆள். ஆனால் லேபிள் ஒட்டியிருப்பது கூகுள் அட்டையில். கூகுளின் சர்வருக்கு அந்த ஓர் அட்டைதான் தெரியும், அதில் முகவரி கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உலாவியில் அந்த ஆளைத் திறந்து பாருங்கள். போனில் தெரியும் முகவரி உலாவியில் தெரியவில்லை என்றால், அது வேறு அட்டையில் இருக்கிறது என்று பொருள். அந்த முகவரியை உலாவியிலேயே கூகுள் அட்டையில் ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால் தீர்ந்தது.

ஆக, ஒன்பது பேரை நகர்த்தி லேபிளிட்டு, ஒருவரின் முகவரியைச் சேர்த்த பிறகு, நாற்பது பேர் உள்ள லேபிள் முப்பத்தேழு முகவரிகளாக விரிந்தது. மீதி மூன்று வீட்டாரிடமும் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். லேபிள் காட்டும் எண்ணிக்கையையும் விரிந்த முகவரிகளின் எண்ணிக்கையையும் ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வராமல் போன அறிவிப்பைப் பற்றி, வராதவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது.

பின்பக்கமாகப் போகும் வழி

லேபிளைச் சரிசெய்தாகிவிட்டது. ஆனாலும் போனில் உள்ள மெயில் ஆப் அதைக் காட்டப் போவதில்லை. அந்தக் கேள்வியை அது கேட்பதில்லை என்பது மாறவில்லை. எனவே திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். மெயிலில் ஆரம்பித்துக் குழுவைத் தேடாமல், குழுவில் ஆரம்பித்து மெயிலுக்குப் போக வேண்டும்.

கூகுளின் தொடர்புகள் ஆப்பைத் திறந்து 'சங்கம்' லேபிளுக்குள் போங்கள். மூன்று புள்ளிகளைத் தொட்டால் `Send email` என்ற தேர்வு இருக்கும். இப்போது விரிக்கும் வேலையைத் தொடர்புகள் ஆப்பே செய்கிறது. முகவரிகளை எடுத்து, உங்கள் மெயில் ஆப்பிடம் ஆயத்தமாகக் கொடுக்கிறது. மெயில் ஆப்புக்கு வந்து சேருவது குழுவல்ல, வெறும் முகவரிகளின் வரிசை. அதை எந்த மெயில் ஆப்பும் புரிந்துகொள்ளும். ஐபோனிலும் இதே வழிதான். அங்கே தொடர்புகள் ஆப்பில் பட்டியலின் பெயரை அழுத்திப் பிடித்தால், எல்லாருக்கும் மெயில் அனுப்பும் தேர்வு வரும். போனிலேயே பட்டியல் உருவாக்கும் வசதி ஐபோனுக்கு வந்தது 2022-இல், ஐஓஎஸ் 16-இல்தான். அதற்கு முன்பு மேக் கணினியிலோ ஐகிளவுட் தளத்திலோ உருவாக்கி, போனில் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு. முகவரிகள் பெரும்பாலும் To கட்டத்தில்தான் வந்து விழும். அப்படியே அனுப்பினால் நாற்பது வீட்டாரின் மெயில் முகவரியும் நாற்பது வீட்டாருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் 'எல்லாருக்கும் பதில்' அழுத்தினால் தண்ணீர் வரி விவாதம் மெயில்பெட்டிகளை நிரப்பிவிடும். சங்க அறிவிப்பு மாதிரியான மெயில்களுக்கு முகவரிகள் Bcc கட்டத்தில் இருக்க வேண்டும். போனில் நாற்பது பெயரை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது கடினம். எனவே கணினி கையில் இருக்கும்போது உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, Bcc கட்டத்திலேயே லேபிளின் பெயரைத் தட்டுவது சுலபம். கணினி இல்லாதவர்கள், முகவரிகளைக் காற்புள்ளி இட்டு ஒரு குறிப்பாகச் சேமித்து வைத்து, Bcc கட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டிலேயே குழுவைக் கேட்கத் தெரிந்த மெயில் ஆப்களும் இல்லாமல் இல்லை. ஃபேர்ஈமெயில் என்ற ஆப்பில், மெயில் எழுதும் திரையின் மூன்று புள்ளிப் பட்டியலில் தொடர்புக் குழுவைச் செருகும் தேர்வு இருக்கிறது. போனின் கிடங்கில் உள்ள குழுக்களை அது தானே போய்க் கேட்கிறது. அதற்கும் தொடர்புகள் அனுமதி வேண்டும். எந்தப் புது மெயில் ஆப்பைப் போட்டாலும் முதலில் ஒரு சின்னக் குழுவை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது.

கூகுள் லேபிள் ஐபோனில் தெரியாதது ஏன்?

வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டு, ஒருவர் ஐபோன் என்றால் இன்னொரு புதிர் வரும். கூகுள் கணக்கை ஐபோனில் சேர்த்ததும் தொடர்புகள் எல்லாம் வந்துவிடுகின்றன, லேபிள்கள் மட்டும் வருவதில்லை. இங்கே குறை மெயில் ஆப்பில் இல்லை. குழு அந்தப் போனுக்கே வந்து சேரவில்லை.

தொடர்புகளைச் சர்வருக்கும் போனுக்கும் இடையே கொண்டுபோகக் கார்ட்டாவ் என்று ஒரு பொது முறை இருக்கிறது, 2011-இல் தரப்படுத்தப்பட்டது. ஒரு தொடர்புக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் அது கொண்டுபோகும். பெயர், எண், முகவரி விஷயத்தில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். குழுவை எப்படி எழுதுவது என்பதில்தான் இரண்டு பழக்கங்கள் உண்டாகிவிட்டன. ஒன்று, ஒவ்வோர் ஆளின் அட்டையிலும் `CATEGORIES` என்ற வரியில் குழுவின் பெயரைக் குறித்துவிடுவது. மற்றது, குழுவுக்கென்றே தனியாக ஓர் அட்டை போட்டு, அதற்குள் உறுப்பினர்களை அடுக்குவது. நெக்ஸ்ட்கிளவுட் முதல் வழியில் போகிறது, ஆப்பிளின் ஐகிளவுட் இரண்டாவது வழியில். கூகுளோ கார்ட்டாவ் வழியாக லேபிள்களை அனுப்புவதே இல்லை. அதனால்தான் ஐபோனில் ஆட்கள் வந்தும் லேபிள் வரவில்லை. அந்த ஐபோன்காரர் உலாவியில் உள்ள ஜிமெயிலைப் பயன்படுத்துவதும், ஐபோனிலேயே தனியாக ஒரு பட்டியல் போட்டுக்கொள்வதும்தான் வழி.

சொந்தச் சர்வரோ நெக்ஸ்ட்கிளவுடோ வைத்து, ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 என்ற ஆப் மூலம் ஒத்திசைப்பவர்கள் ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அதில் குழுக்கள் தனி அட்டைகளா, ஆள்வாரிக் குறிப்புகளா என்று கேட்கும் தேர்வு இருக்கிறது. சர்வர் ஒரு வழியில் எழுத, நீங்கள் மற்ற வழியைத் தேர்ந்திருந்தால் ஆட்கள் எல்லாரும் வருவார்கள், ஒரு குழுவும் வராது. ஆட்கள் முழுதாக வந்து குழுக்கள் முழுதாக வராமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் தேர்வைத்தான். அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலும் இதே அனுபவம் கிடைக்கும். கணினியின் அவுட்லுக்கில் நீங்களே போட்டு வைத்த தொடர்புக் குழுக்களை, போன்களுக்கு ஒத்திசைக்கும் ஆக்டிவ்சிங்க் முறை எடுத்துச் செல்வதில்லை.

குழுவுக்கே ஒரு முகவரி

இதுவரை சொன்ன வழிகள் எல்லாவற்றிலும், விரிப்பது உங்கள் பக்கத்தில்தான் நடக்கிறது. அதனால் இரண்டு வரம்புகள் வருகின்றன. லேபிள் விரிவது அதைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணத்தில் உள்ளபடி. நேற்று விரித்து வரைவாக வைத்த மெயிலில், இன்று லேபிளில் சேர்த்த புது வீட்டார் இருக்க மாட்டார். பழைய மெயிலைத் திறந்து 'எல்லாருக்கும் பதில்' வழியாக அறிவிப்பு அனுப்புகிறவர்கள், இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு காலி செய்து போனவருக்கும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, லேபிள் ஒருவருடைய கணக்கின் சொத்து. செயலாளர் மாறினால் புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

விரிக்கும் வேலையைச் சர்வரிடமே ஒப்படைத்தால் இரண்டும் தீரும். கூகுள் குரூப்ஸ் போன்ற சேவைகள் குழுவுக்கென்றே ஒரு மெயில் முகவரி தருகின்றன. அந்த முகவரிக்கு ஒரே ஒரு மெயில் போனால் போதும், அங்கே உள்ள உறுப்பினர் பட்டியலைப் பார்த்துச் சர்வர் எல்லாருக்கும் அனுப்பிவிடும். அந்த முகவரியைப் போனில் 'சங்கம்' என்ற பெயரில் ஒரு சாதாரணத் தொடர்பாகச் சேமித்தால், எந்த மெயில் ஆப்பிலும் 'சங்' என்று தட்டிய உடனே வரும். இப்போது அது குழு அல்ல, முகவரி. மெயில் ஆப் கேட்கும் ஒரே கேள்விக்கு அது சரியான பதில். முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரிவதும் இல்லை. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரே மெயிலை 500-க்கு மேற்பட்ட பெறுநர்களுக்கு அனுப்ப முடியாது என்ற வரம்பும் பெரிய சங்கங்களுக்குத் தடையாக நிற்காது.

இதற்கு விலை, முதலில் ஒருமுறை செய்ய வேண்டிய ஏற்பாடு. உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டும். யார் அனுப்பலாம் என்பதைப் பொறுப்பாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டும். பதில் எழுதினால் எழுதியவருக்கு மட்டும் போக வேண்டுமா, எல்லாருக்குமா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் சில மெயில்கள் சிலருக்கு ஸ்பேம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவும் வேண்டும்.

அனுப்புகிறவர் நீங்கள் ஒருவர்தான், பத்திருபது பேருக்கு எப்போதாவது அனுப்புவதுதான் என்றால் லேபிளே போதும். கூகுள் கணக்கில் அதை ஒழுங்காக வைத்துக்கொண்டு, தொடர்புகள் ஆப்பிலிருந்தோ உலாவியிலிருந்தோ மெயிலை ஆரம்பியுங்கள். அனுப்பும் பொறுப்பு கை மாறும், ஆட்கள் வந்து போவார்கள் என்றால் குழுவுக்கு ஒரு முகவரி வாங்கிவிடுங்கள். அடுத்த செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டியது அந்தக் குழுவை நிர்வகிக்கும் உரிமையை மட்டும்தான்.